முக்கால் இஞ்சி போதுமா?
(குளியலறைத் தொகுதிக்குக் குழாய் அளவு காண்பது பற்றி ஒரு பாடம்)



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ, திருவள்ளூர் காக்களூர் பக்கமோ புதிதாகக் கட்டும் எந்த மாடி வீட்டிலும் போய், "அண்ணே, பாத்ரூமுக்கு என்ன சைஸ் பைப்?" என்று பிளம்பரைக் கேட்டுப் பாருங்கள். "முக்கா இஞ்சு தம்பி, வேற என்ன?" என்றுதான் பதில் வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மேல்மாடியில் மட்டும் தப்பாகிப் போகும். ஏன் மேல்மாடியில் மட்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வைவாவில் "ஃபிக்ஸ்சர் யூனிட் என்றால் என்ன?" என்று கேட்டால் சொல்லவும் உதவும், சைட்டில் நிற்கும்போதும் உதவும்.

முதலில் ஃபிக்ஸ்சர் யூனிட்

அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் வேலை பார்த்த ராய் ஹண்டர் என்பவர் 1940-ல் வெளியிட்ட முறை இது. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு கட்டடத்தில் பத்து ஃப்ளஷ் டேங்க் இருக்கிறது. பத்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிக்குமா? பிடிக்கும் என்று வைத்துக் குழாய் போட்டால் காசு வீண். ஒன்றுதான் பிடிக்கும் என்று வைத்தால் தண்ணீர் போதாது. அப்படியானால் எத்தனை?

ஒரு டேங்க் நிரம்ப 60 விநாடி ஆகிறது, கூட்டமான நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஃப்ளஷ் செய்கிறார்கள் என்று அவர் வைத்துக்கொண்டார். 300 விநாடியில் 60 விநாடி, அதாவது எந்த நொடியில் போய்ப் பார்த்தாலும் அந்த டேங்க் நிரம்பிக்கொண்டிருக்க 0.2 வாய்ப்பு. பத்தும் சேர்ந்து நிரம்பும் வாய்ப்பு 0.2-ஐப் பத்து தடவை பெருக்கினால் வரும். அது கோடியில் ஒன்று. ஆகவே நேரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் தாண்டாத எண்ணிக்கையை எடுத்தால் போதும் என்று ஹண்டர் முடிவு செய்தார். நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பைனாமியல் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் பத்து டேங்குக்கு விடை 5. பாதிதான்.

இதையே ஒரே ஒரு டேங்குக்குப் போடுங்கள். விடை 1. இரண்டு டேங்குக்கு? இரண்டும் சேர்ந்து நிரம்ப 0.04, அது நூற்றில் ஒன்றைவிடப் பெரியது. ஆக விடை 2. மூன்றாவது டேங்க் வந்த பிறகுதான் முதல் சலுகை கிடைக்கிறது. மூன்றும் சேர 0.008 தான், அதனால் இரண்டுக்குக் கணக்குப் போட்டால் போதும். நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஹண்டர் முறையின் லாபம் எல்லாம் எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போதுதான். ஒரே ஒரு குளியலறையில் அந்த லாபம் மிகச் சின்னது.

டேங்கும் ஷவரும் வாஷ்பேசினும் வேறு வேறு வேகத்தில், வேறு வேறு நேரம் தண்ணீர் எடுக்கின்றன. அவற்றை நேராகக் கூட்ட முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை எண் கொடுத்தார்கள். அந்த எண்தான் ஃபிக்ஸ்சர் யூனிட். அது லிட்டரும் இல்லை, நிமிடமும் இல்லை. "ஒரு யூனிட் என்றால் இத்தனை லிட்டர்" என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள். யூனிட்டைக் கூட்டிய பிறகு வளைகோட்டிலோ அட்டவணையிலோ பார்த்தால்தான் லிட்டர் கிடைக்கும்.

வீட்டு உபயோகத்துக்குப் பழைய அட்டவணையில் ஃப்ளஷ் டேங்க் உள்ள கக்கூஸுக்கு 3, வாஷ்பேசினுக்கு 1, ஷவருக்கு 2. மூன்றும் சேர்ந்த ஒரு குளியலறைத் தொகுதிக்கு 6. அதே பழைய அட்டவணையில் 6 யூனிட்டுக்கு ஓட்டம் நிமிடத்துக்கு 5 அமெரிக்க காலன், அதாவது சுமார் 19 லிட்டர். விநாடிக்கு 0.32 லிட்டர்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடில் அதே தொகுதிக்கு 3.6 யூனிட் தான். ஆனால் அதன் ஓட்ட அட்டவணை வேறு. 3.6-க்கு ஏறத்தாழ 28 லிட்டர் வருகிறது. யூனிட் குறைந்தும் ஓட்டம் கூடியிருக்கிறது! பழைய 6-ஐ எடுத்துக்கொண்டு புது அட்டவணையில் பார்த்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் வந்துவிடும். யூனிட்டும் அட்டவணையும் ஒரே புத்தகத்தில் இருந்து வரவேண்டும். ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

இரண்டில் எதை எடுப்பது? நம்ம வீட்டுச் சாமான்களையே கேட்போம். மொட்டை மாடி டேங்கில் இருந்து வரும் தண்ணீரில் சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டர், ஃப்ளஷ் டேங்கின் பந்து வால்வு 6 லிட்டர், வாஷ்பேசின் குழாய் 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கெட் குழாய் இருக்கும், ஆனால் ஷவரில் குளிப்பவர் அதை அப்போது திறக்க மாட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தாலும் 21 லிட்டர் தான். 28 என்பது நம் குளியலறையால் குடிக்கவே முடியாத அளவு. 19 பொருந்துகிறது. அதையே எடுப்போம்.

கையில் எவ்வளவு அழுத்தம்?

அமெரிக்கப் புத்தகத்தில் தெருக்குழாயில் நல்ல அழுத்தம் வரும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள். ஷவருக்குக் குறைந்தது 8 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பார்கள். அது ஐந்தரை மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். நம் மேல்மாடிக்கு அது கனவு. எப்படி என்று ஒரு உதாரண வீட்டில் பார்ப்போம்.

தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு. கீழே வீட்டுக்காரர், மேலே சிப்காட்டில் வேலை பார்க்கும் குடும்பம் வாடகைக்கு. மாடித் தரையில் இருந்து மொட்டை மாடி மேல்மட்டம் வரை 3.15 மீட்டர். அதன் மேல் ஒரு மீட்டர் செங்கல் மேடை கட்டி பிளாஸ்டிக் டேங்க் வைத்திருக்கிறது. ஆக டேங்கின் அடி, மாடித் தரையில் இருந்து 4.15 மீட்டர் உயரத்தில். ஷவர் ரோஸ் தரையில் இருந்து 2.10 மீட்டரில். கழித்தால் 2.05 மீட்டர். டேங்க் நிரம்பியிருந்தால் இன்னும் ஒரு மீட்டர் கூடும், ஆனால் கணக்குக்கு எப்போதும் தண்ணீர் தீரும் நேரத்தையே எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மோட்டார் போடுவதற்கு முன் இருக்கும் நிலைமை அதுதானே!

ஷவர் ரோஸ் வாயில் குறைந்தது ஒரு மீட்டர் அழுத்தமாவது மீதி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் மெதுவாகவாவது தலையில் கொட்டும். ஆக குழாயில் தொலைக்க நம்மிடம் இருப்பது 1.05 மீட்டர் மட்டும். இதுதான் பட்ஜெட்.

கீழ்வீட்டுக்கு இதே கணக்கில் இன்னும் 3.15 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். முக்கால் இஞ்சி கீழே நன்றாக வேலை செய்வதன் ரகசியம் இவ்வளவுதான். பிளம்பர் அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் கீழ்வீட்டு அனுபவத்தை மேல்வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறார்.

செலவுக் கணக்கு

உராய்வு இழப்புக்கு ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரம் போதும். சின்னக் குழாயில் அது அவ்வளவு துல்லியம் இல்லை என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஆசிரியர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அரையா, முக்காலா, ஒன்றா என்று முடிவு செய்ய இது தாராளம்.

h = 10.67 × L × Q^1.852 / (C^1.852 × d^4.87)

இதில் h, L, d மீட்டரில். Q விநாடிக்குக் கன மீட்டரில். பழைய ஜி.ஐ. குழாய்க்கு C = 100. புதிதுக்கு 120 போடலாம். ஆனால் வீடு நாற்பது வருஷம் நிற்கப் போகிறது. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரில் ஜி.ஐ. குழாய் புதிதாகவே இருக்காது. அதனால் 100.

விநாடிக்கு 0.32 லிட்டர் ஓடும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இழப்பு இப்படி வருகிறது. அரை இஞ்சி, உள்விட்டம் 16 மி.மீ., இழப்பு 0.396 மீட்டர். முக்கால் இஞ்சி, உள்விட்டம் 21.6 மி.மீ., இழப்பு 0.092 மீட்டர். ஒரு இஞ்சி, உள்விட்டம் 27.2 மி.மீ., இழப்பு 0.030 மீட்டர். ஒரு சைஸ் ஏற்றினால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது பாருங்கள். விட்டத்தின் அடுக்கு ஏறக்குறைய ஐந்து என்பதால் வரும் விளைவு அது.

இனி நீளம். டேங்கில் இருந்து மொட்டை மாடி வழியாக வந்து, சுவரில் இறங்கி, குளியலறை டீ வரை பிரதானக் குழாய் 10 மீட்டர். அதில் நாலு எல்போ, ஒரு கேட் வால்வு, டேங்க் வாய். இவற்றையும் குழாய் நீளமாக மாற்றிச் சேர்க்க வேண்டும். ஒரு எல்போ விட்டத்தைப் போல் 30 மடங்கு நீளக் குழாய்க்குச் சமம். எல்லாம் சேர்த்தால் முக்கால் இஞ்சிக்கு 13.4 மீட்டர், ஒரு இஞ்சிக்கு 14.3 மீட்டர் வருகிறது.

டீயில் இருந்து ஷவர் வரை கிளைக்குழாய் அரை இஞ்சி, 2 மீட்டர். டீயின் திருப்பமும் இரண்டு எல்போவும் சேர்த்து 3.9 மீட்டர். இதில் ஷவர் தண்ணீர் மட்டுமே ஓடுகிறது, விநாடிக்கு 0.15 லிட்டர். இழப்பு 0.38 மீட்டர். இந்த வித்தியாசத்தை மறந்து கிளையிலும் முழு 0.32-ஐப் போட்டால் இழப்பு நாலு மடங்காகக் காட்டும், தேவையில்லாமல் பெரிய குழாய்க்குப் போவீர்கள்.

இப்போது கூட்டுங்கள். பிரதானக் குழாய் முக்கால் இஞ்சி என்றால் அதில் 1.23, கிளையில் 0.38, மொத்தம் 1.61 மீட்டர் செலவு. ஷவர் வாயில் மீதி 0.44 மீட்டர். பட்ஜெட் தாண்டிவிட்டது. ஒரு இஞ்சி என்றால் 0.43, கிளையில் 0.38, மொத்தம் 0.81. மீதி 1.24 மீட்டர். பாஸ். அரை இஞ்சியைப் போட்டால் பிரதானக் குழாயில் மட்டும் 5 மீட்டர் வேண்டும். இருப்பதே 2.05. அதாவது அந்த ஓட்டம் வரவே வராது. எல்லாரும் சொட்டுத் தண்ணீரைப் பங்கு போட வேண்டியதுதான்.

நம்மில் பலர் குழாய் அளவை வேகம் பார்த்துச் சரிபார்ப்போம், விநாடிக்கு 2.4 மீட்டருக்குள் இருந்தால் சரி என்று. இங்கே அரை இஞ்சியில் வேகம் 1.6, முக்காலில் 0.87, ஒன்றில் 0.55. மூன்றுமே பாஸ்! வேகக் கட்டுப்பாடு குழாயைச் சத்தத்தில் இருந்தும் தேய்மானத்தில் இருந்தும் காப்பாற்றும். மேல்மாடி ஷவரைக் காப்பாற்றாது. டேங்க் தலைக்கு மேலேயே இருக்கும் வீட்டில் முடிவு செய்வது அழுத்த இழப்புதான்.

இன்னொரு சுவாரசியம். முக்கால் இஞ்சிக் குழாயில் ஷவர் மட்டும் தனியாக ஓடட்டும். ஓட்டம் பாதிக்கும் கீழே, இழப்பு கால் பங்கு. பிரதானத்தில் 0.30, கிளையில் 0.38, மீதி 1.37 மீட்டர். நன்றாகவே கொட்டும்! வேலை முடிந்து ஒப்படைக்கும்போது பிளம்பர் ஷவரை மட்டும் திறந்து காட்டுவார், வீட்டுக்காரரும் திருப்தியாகக் கூலி கொடுப்பார். ஒரு மாதம் கழித்து, "நல்லா வந்துக்கிட்டே இருக்கும் சார், யாராவது ஃப்ளஷ் பண்ணா சுருங்கிடுது" என்று குடியிருப்பவர் வந்து நிற்பார்.

சத்தமில்லாமல் தின்னும் இரண்டு

ஒன்று, சுவருக்குள் வைக்கும் ஸ்டாப் காக். குளோப் வகை என்றால் தண்ணீர் உள்ளே வளைந்து நெளிந்து போக வேண்டும். அது விட்டத்தைப் போல் 340 மடங்கு நீளத்துக்குச் சமம். நம் அரை இஞ்சிக் கிளையில் 5.4 மீட்டர் குழாய், 0.53 மீட்டர் இழப்பு. அதாவது ஒரே ஒரு வால்வு, 10 மீட்டர் ஒரு இஞ்சிக் குழாயை விட அதிகம் தின்கிறது. ஒரு இஞ்சி போட்டுச் சேமித்ததெல்லாம் போய் மீதி 0.71-க்கு இறங்கிவிடும். முழுத்துளை பால் வால்வு போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. குழாய்க்கு யோசிக்கும் அளவு வால்வுக்கு யாரும் யோசிப்பதில்லை.

மற்றொன்று, பெயரில் இருக்கும் ஏமாற்று. இப்போது பெரும்பாலும் சி.பி.வி.சி. குழாய்தான் போடுகிறார்கள். அது வழுவழுப்பானது, C = 150 எடுக்கலாம். "அப்போ முக்காலே போதுமே?" என்று தோன்றும். ஆனால் எஸ்.டி.ஆர். 11 வகை முக்கால் இஞ்சி சி.பி.வி.சி.யின் உள்விட்டம் சுமார் 18 மி.மீ. தான். ஜி.ஐ.யில் அது 21.6. கணக்குப் போட்டால் சி.பி.வி.சி.யில் மீட்டருக்கு 0.10 இழப்பு, பழைய ஜி.ஐ.யை விடக் கொஞ்சம் அதிகம்! வழுவழுப்பில் கிடைத்ததைக் குறுகலில் இழந்துவிட்டோம். ஒரு இஞ்சியிலும் அப்படித்தான். உள்விட்டம் 23.4, இழப்பு 0.029, பழைய ஜி.ஐ. ஒரு இஞ்சிக்குச் சமம். சி.பி.வி.சி.யின் லாபம் வேறு இடத்தில்: இன்றைய 0.029 பல வருஷம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஜி.ஐ. முக்கால் இஞ்சியில் சுற்றிலும் 2 மி.மீ. துருவும் சுண்ணாம்பும் படிந்தால் விட்டம் 17.6 ஆகி இழப்பு 2.7 மடங்காகும். C-யை 100 என்று எடுத்தது சொரசொரப்புக்குத்தான். இந்தக் குறுகலுக்கு அது ஈடு செய்யாது.

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே இறக்கக் குழாய் போடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழே ஒருவர் பக்கெட் குழாயை முழுசாகத் திறந்தால் கூடுதல் 3.15 மீட்டர் அழுத்தம் உள்ள பக்கம்தான் தண்ணீர் ஓடும். சில சமயம் மேல் ஷவர் காற்றை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்கும். டேங்கில் இருந்தே தனித்தனி இறக்கம், வால்வுக்கு அடுத்து ஒரு வென்ட் குழாய் வைப்பது நல்லது.

ஷிஃப்ட் விடும் நேரம்

நம்ம ஏரியாவில் ஹண்டர் முறை எங்கே ஏமாற்றும் என்பதையும் பார்க்க வேண்டும். சிப்காட்டைச் சுற்றி பத்து அறை, பத்துக் குளியலறை கொண்ட வாடகைக் கட்டடங்கள் உண்டு. 6 யூனிட் வீதம் 60. அட்டவணை தரும் ஓட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லிட்டர். ஆனால் ஹண்டரின் கணக்கு முழுவதும் ஒரு அடித்தளத்தில் நிற்கிறது: ஒருவர் குழாய் திறப்பதற்கும் அடுத்தவர் திறப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது. எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும் கட்டடத்தில் அது எப்படிப் பொருந்தும்? சங்கு ஊதியது ஒன்று, குளிக்க வந்தது பத்துப் பேர்.

பத்துப் பேரும் பக்கெட் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு விநாடிக்கு 0.25 லிட்டர், அது 2.5. ஐந்து ஃப்ளஷ் டேங்க் நிரம்புகிறது, அது 0.5. மொத்தம் 3 லிட்டர். ஓட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனால் இழப்பு 1.852 அடுக்கில் ஏறுவதால் 2.1 மடங்கு. ஒரு மீட்டர் பட்ஜெட்டுக்குள் அடக்கிய குழாய் இரண்டு மீட்டர் கேட்கும். இப்படிப்பட்ட கட்டடத்துக்கும் தொழிற்சாலைக் குளியலறைக்கும் யூனிட்டை மறந்துவிட்டு, ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய குழாய்களை எண்ணி நேராகக் கூட்டுங்கள். யூனிட் முறை அபார்ட்மென்ட் மாதிரி அவரவர் இஷ்டத்துக்குக் குளிக்கும் இடங்களுக்கு.

சைட்டில் சோதிப்பது

மேலே சொன்ன மாடி வீட்டில் போட்டிருக்கும் குழாய் போதுமா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். பத்து லிட்டர் பக்கெட்டும் கைக்கடிகாரமும் போதும். டேங்கில் தண்ணீர் குறைவாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். முதலில் ஷவரை மட்டும் திறந்து பக்கெட்டை நிரப்புங்கள். 67 விநாடிக்குள் நிரம்பினால் விநாடிக்கு 0.15 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். பிறகு பக்கெட்டைக் காலி செய்து, ஃப்ளஷை இழுத்துவிட்டு, வாஷ்பேசினையும் திறந்து வைத்து, உடனே மறுபடி பிடியுங்கள். ஃப்ளஷ் டேங்க் நிரம்ப ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும், அதற்குள் அளந்துவிடலாம்.

முதல் தடவை சரியாக நிரம்பி, இரண்டாவது தடவை 90 விநாடியைத் தாண்டினால் பிரதானக் குழாய் சிறியது. இரண்டு தடவையும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் பிரதானக் குழாயைத் தொடாதீர்கள்; ரோஸைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். அப்போது சரியாக வந்தால் ரோஸில் உப்பு அடைப்பு. அப்போதும் வராவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஸ்டாப் காக்கைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.